எஃப்.டி-யை உடைக்கலாமா, அதன் மேல் கடன் வாங்கலாமா? ‘லியன்’ விழுந்த டெபாசிட்டின் முழுக் கணக்கு!

திடீரென்று லட்ச ரூபாய் தேவைப்படுகிறது. கையில் இருப்பது ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் மட்டும்தான். உடனே மனசு, ‘எஃப்.டி-யை உடைச்சிடலாமா?’ என்றுதான் யோசிக்கும். ஆப்பைத் திறந்தால் ‘க்ளோஸ்’ பட்டனும் ரெடியாக இருக்கும். அதை அமுக்குவதற்கு முன்னால், அதே எஃப்.டி-யை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கும் வழி ஒன்று இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். சில நேரம் அது லாபம். சில நேரம் உடைப்பதுதான் லாபம். எது எப்போது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சங்கரன்கோவில் – ராஜபாளையம் சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். இருபத்தஞ்சு வயசு. 2 லட்ச ரூபாயை 7% வட்டிக்கு 2 வருஷ எஃப்.டி-யாகப் போட்டிருக்கிறார். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, இன்னும் 6 மாசம் பாக்கி. இப்போது தங்கச்சியின் காலேஜ் ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் வேண்டும். அவர் கட்டிவரும் சீட்டுப் பணம் ஆறு மாசத்தில் கைக்கு வந்துவிடும். அதுவரை சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம்

வங்கிக்குப் போய்க் கேட்டால், “மார்ஜின் பத்து பர்சென்ட் தம்பி” என்பார் ஒருவர். “மார்ஜின் ஒரு பர்சென்ட்தான்” என்பார் பக்கத்து கவுன்ட்டரில் இருப்பவர். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால், ரெண்டும் வேறு வேறு.

முதல் மார்ஜின், உங்கள் டெபாசிட்டில் வங்கி கடனாகத் தராமல் நிறுத்திக்கொள்ளும் பங்கு. பல வங்கிகள் எஃப்.டி. மதிப்பில் 90% வரை கடன் தருகின்றன. மீதி 10% மார்ஜின். கடன் வட்டி ஏறிக்கொண்டே போனாலும் டெபாசிட் அதைத் தாங்க வேண்டும் என்பதற்கான இடைவெளி அது.

ரெண்டாவது மார்ஜின், வட்டியில் வருவது. உங்கள் எஃப்.டி-க்கு வங்கி எவ்வளவு வட்டி தருகிறதோ, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி உங்களிடம் கடன் வட்டி வாங்கும். எஸ்.பி.ஐ-யில் இந்தக் கூடுதல் 1%. வேறு சில வங்கிகளில் 2% வரை போகும். நம்ம ஆளின் எஃப்.டி. 7% என்றால், 1% மார்ஜினில் கடன் வட்டி 8%.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. கணக்குக்கு எடுப்பது இன்றைக்கு வங்கி போர்டில் எழுதியிருக்கும் வட்டியை இல்லை. நீங்கள் டெபாசிட் போட்ட அன்று உங்கள் ரசீதில் எழுதின வட்டியைத்தான். அதனால் ஒரே வங்கியில், ஒரே நாளில், ரெண்டு பேருக்கு ரெண்டு வட்டியில் எஃப்.டி. கடன் கிடைப்பது சகஜம்.

இதை நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். வெளியில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூத்துக்கு மாசம் 2 ரூபாய். வருஷத்துக்கு 24%. எஃப்.டி. கடனின் 8% என்பது நூத்துக்கு மாசம் 67 பைசா. அதிலும் 58 பைசா, உங்கள் டெபாசிட்டுக்கு வங்கி தரும் வட்டியாக உங்கள் பக்கம் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. ஏனென்றால், கடன் வாங்கினாலும் எஃப்.டி-க்கு வட்டி நிற்காது. ஆக, நிஜமாகக் கையை விட்டுப் போவது நூத்துக்கு மாசம் 8, 9 பைசா.

கடன் வாங்கினால்…

நம்ம ஆள் 1,20,000 ரூபாய்க்கு எஃப்.டி. மேல் கடன் வாங்குகிறார். மாச வட்டி 800 ரூபாய். மாசாமாசம் கட்டாமல் அப்படியே விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆறு மாசத்தில் சுமார் 4,880 ரூபாய் ஆகும். இந்தப் பக்கம் அவருடைய எஃப்.டி. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு வளர்கிறது. மூணு மாசத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேரும் வழக்கமான எஃப்.டி. என்றால், 2 வருஷ முடிவில் 2,29,776 ரூபாய். கடனையும் வட்டியையும் கழித்தால் மிச்சம் 1,04,896 ரூபாய்.

உடைத்தால்…

உடைத்தால் ரெண்டு அடி விழும். முதலில், ரசீதில் இருக்கும் 7% கிடைக்காது. டெபாசிட் எத்தனை நாள் வங்கியில் இருந்ததோ, அந்தக் காலத்துக்கு நீங்கள் போட்ட அன்று என்ன வட்டியோ அதுதான் அடிப்படை. அன்று ஒன்றரை வருஷத்துக்கு 6.8% இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டாவது, அதிலிருந்து அபராதம் கழியும். 5 லட்சம் வரையிலான எஃப்.டி-க்கு எஸ்.பி.ஐ-யில் இது 0.5%. சில வங்கிகளில் 1%. ஆக, முழு 2 லட்சத்துக்கும், முதல் நாளிலிருந்தே, 6.3% தான்.

அப்படிப் போட்டால் கைக்கு வருவது சுமார் 2,19,660 ரூபாய். உடைக்காமல் இருந்தால் இதே நாளில் எஃப்.டி-யின் மதிப்பு 2,21,940. போனது 2,280 ரூபாய். வந்த பணத்தில் ஃபீஸ் கட்டியதுபோக மீதி 99,660 ரூபாயை ஆறு மாசத்துக்கு 6% வட்டியில் மறுபடி போட்டால், 1,02,672 ரூபாய் ஆகும்.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வழியில் 1,04,896. உடைத்த வழியில் 1,02,672. கடன் வாங்கியதால் 2,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். வட்டி கட்டியும் மிச்சம்!

அப்போ எப்பவும் கடன்தானா? இல்லை!

அதே 2 லட்சம், அதே 7%. ஆனால், எஃப்.டி. போட்டு ரெண்டு மாசம்தான் ஆகிறது. தேவை 1,50,000 ரூபாய். திருப்பிக் கட்ட இப்போதைக்கு வேறு வருமானம் இல்லை. 22 மாசம் கழித்து எஃப்.டி. முடியும்போது அதிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்.

கடன் வாங்கினால் 1% மார்ஜின் மட்டும் வருஷத்துக்கு 1,500 ரூபாய். 22 மாசத்துக்கு 2,750. உடைத்தால்? ரெண்டு மாசத்துக்கு அபராதம் போக 5% தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 2 லட்சத்துக்கு ரெண்டு மாசத்தில் நஷ்டம் சுமார் 670 ரூபாய். மீதி 50,000 ரூபாயை அதே வட்டிக்கு மறுபடி போட முடிந்தால் விஷயம் அதோடு முடிந்தது. இங்கே உடைப்பதே புத்திசாலித்தனம்.

ரெண்டு கணக்குக்கும் என்ன வித்தியாசம்? உடைத்தால் வரும் நஷ்டம், ஓடி முடிந்த காலத்துக்கு, முழு டெபாசிட்டின் மேல். கடன் வாங்கினால் வரும் செலவு, இனி ஓடப்போகும் காலத்துக்கு, வாங்கின தொகையின் மேல் மட்டும். எஃப்.டி. பழசாக இருந்து, தேவை கொஞ்ச நாளுக்கு என்றால் கடன். எஃப்.டி. புதுசாக இருந்து, பணம் திரும்பி வர ரொம்ப நாள் ஆகும் என்றால் உடைத்துவிடுங்கள். நடுவில் இருப்பவர்கள் மேலே போட்ட மாதிரி ஐந்து நிமிஷம் கால்குலேட்டரைத் தட்டினால் போதும்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். எஃப்.டி. வட்டி உங்கள் வருமானத்தில் சேரும். ஆனால், வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடனின் வட்டியை அதிலிருந்து கழிக்க முடியாது. 20% வரி வரம்பில் இருப்பவருக்கு 7% வட்டியில் வரி போக நிற்பது 5.6%. கட்டுவது 8%. ஆக, வங்கி சொன்ன 1% மார்ஜின், அவருக்கு 2.4%. கடன் காலம் நீள நீள இது உறுத்த ஆரம்பிக்கும்.

எந்த எஃப்.டி. மேல் வாங்குவது?

உங்களிடம் ரெண்டு எஃப்.டி. இருக்கிறது. ஒன்று 7%, இன்னொன்று 6%. எதன் மேல் கடன் வாங்குவீர்கள்? பலர் பெரியதாக இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். தொகை போதுமென்றால் 6% எஃப்.டி-யைக் கொடுங்கள். அதன் மேல் கடன் வட்டி 7% தான். மற்றதில் 8%. ரெண்டு எஃப்.டி-யும் எப்படியும் தன் வட்டியைச் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்த 1% உங்களுக்கு நேரடி மிச்சம்.

இதே காரணத்தால், ஆச்சி பேரில் இருக்கும் சீனியர் சிட்டிசன் எஃப்.டி. மேல் வாங்கினால் வட்டி கூடும். அவருக்குக் கூடுதல் வட்டி கொடுப்பதால், கடன் வட்டியும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அவர் கையெழுத்து வேண்டும், பூட்டு விழுவதும் அவர் டெபாசிட்டில்தான். ஜாயின்ட் பெயரில் இருந்தால் எல்லாருமே கையெழுத்துப் போட வேண்டும். வரி விலக்குக்காகப் போட்ட 5 வருஷ டாக்ஸ் சேவர் எஃப்.டி. மேல் கடன் கிடையவே கிடையாது. போஸ்ட் ஆபீஸில், டைம் டெபாசிட் மேல் தபால் துறையே கடன் தருவதில்லை. ஆனால், ஆர்.டி-யில் 12 தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை, ஆர்.டி. வட்டியை விட 2% கூடுதலில் கிடைக்கும்.

‘லியன்’ எங்கே, எப்படித் தெரியும்?

கடன் கொடுத்ததும் வங்கி உங்கள் எஃப்.டி. மேல் ஒரு பூட்டுப் போடும். அதற்குப் பெயர்தான் லியன். அழகுத் தமிழில் பற்றுரிமை. டெபாசிட் உங்களுடையதுதான், வட்டியும் உங்களுக்குத்தான். ஆனால், கடன் தீரும்வரை எடுக்க முடியாது.

காகித ரசீது வைத்திருந்தால், வங்கி அதை வாங்கிக்கொண்டு ‘லியன்’ என்று குறித்து, தானே வைத்துக்கொள்ளும். ஆப்பில் எடுத்த எஃப்.டி. என்றால் ரசீதெல்லாம் கிடையாது. எஃப்.டி-யின் விவரப் பக்கத்துக்குள் போனால், வங்கிக்கு வங்கி பெயர் மாறி Lien Amount என்றோ, Lien Marked என்றோ, Hold என்றோ ஒரு வரி இருக்கும். கடனுக்கு முன்னால் அதில் பூஜ்யம் இருந்திருக்கும், இப்போது தொகை ஏறியிருக்கும். முகப்புப் பக்கத்தில் எஃப்.டி. தொகை மாறாமல் அப்படியே இருக்கும் என்பதால் பலருக்கு இது கண்ணிலேயே படாது. க்ளோஸ் செய்யப் போகும்போது முடியாது என்று வரும், அப்போதுதான் தெரியும்.

சில வங்கிகள் முழு எஃப்.டி-யையும் பூட்டும். சில, கடனுக்கு ஏற்ற அளவு மட்டும் பூட்டும். நம்ம ஆள் 1,20,000 வாங்கியிருந்தாலும் லியன் 2 லட்சத்துக்கும் இருக்கலாம். மீதியைப் பின்னால் எடுக்கும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே, “லியன் எவ்வளவுக்கு விழும்?” என்று கேட்டுவிடுங்கள். ஒரே எஃப்.டி-க்குப் பதில் 50,000 ரூபாய் வீதம் நாலாகப் போட்டு வைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வராது. தேவையானதை மட்டும் பூட்டலாம்.

ஆப்பில் நீங்களே எடுப்பது பெரும்பாலும் ஓவர் டிராஃப்ட் வடிவில் இருக்கும். அதில் தனியாக ஒரு கணக்கு எண் உருவாகும். 1,20,000 வரம்பில் 50,000 மட்டும் எடுத்தால், பேலன்ஸ் மைனஸ் 50,000 என்றும், Available Balance 70,000 என்றும் காட்டும். அந்த 70,000 உங்கள் பணம் இல்லை, இன்னும் எடுக்காத கடன். எடுத்த 50,000-க்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. ஆனால், லியன் அப்படி இல்லை. வரம்பு திறந்த நிமிஷத்திலேயே விழுந்துவிடும். ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும் எஃப்.டி. பூட்டியேதான் இருக்கும். ‘சும்மா இருக்கட்டும்’ என்று ஓ.டி. திறந்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் போடாத பூட்டு

லியன் வரியை அப்பப்போ பார்ப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ராஜஸ்தான் மாநிலம் கோட்டாவில் 2025-ல் ஒரு தனியார் வங்கி ஊழியர் கைதானார். 2020-க்கும் 2023-க்கும் இடையில் சுமார் 40 வாடிக்கையாளர்களின் கணக்குகளில் கைவைத்து 4 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. எஃப்.டி-களை உடைத்ததோடு, பலரின் டெபாசிட் மேல் அவர்களுக்கே தெரியாமல் ஓவர் டிராஃப்ட் திறந்ததாகவும், மெசேஜ் போய்விடக் கூடாது என்று கணக்கிலிருந்த மொபைல் நம்பரை மாற்றியதாகவும் குற்றச்சாட்டு. ஒரு வாடிக்கையாளர் தன் எஃப்.டி. பற்றி விசாரிக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எஃப்.டி. தொகை முகப்பில் முழுசாகத் தெரிந்தாலும், பின்னால் கடன் ஓடிக்கொண்டிருக்க முடியும் என்பதுதான் இதில் உறைக்க வேண்டியது. அதனால் மூணு மாசத்துக்கு ஒருமுறை எஃப்.டி-க்குள்ளே போய் லியன் வரியைப் பாருங்கள். வங்கியிலிருந்து மெசேஜ் வருவது திடீரென்று நின்றுபோனால், பதிவான நம்பர் உங்களுடையதுதானா என்று கேளுங்கள். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் டெபாசிட்டுக்கும் இதையே செய்யுங்கள். நீங்கள் கேட்காத லியன் இருந்தால், அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சேவிங்ஸ் கணக்கில் திடீரென்று தெரியும் லியன் வேறு கதை. யாரோ ஒருவரின் சைபர் புகாரில் சம்பந்தப்பட்ட பணம் யு.பி.ஐ. வழியாக உங்கள் கணக்குக்கு வந்திருந்தால், போலீஸ் கேட்டு வங்கி அந்தத் தொகையை நிறுத்தி வைக்கும். அதற்கும் திரையில் அதே வார்த்தைதான் வரும். எஃப்.டி. கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் புகார், எந்த ஸ்டேஷன் என்று வங்கியில் கேட்டு வாங்க வேண்டும்.

கடன் தீர்ந்தது, பூட்டு திறந்ததா?

சீட்டுப் பணம் வந்து நம்ம ஆள் கடனைக் கட்டிவிட்டார். வேலை முடிந்ததா? ஓ.டி-யில் பேலன்ஸ் பூஜ்யம் ஆனால் மட்டும் லியன் போகாது. வரம்பு இன்னும் திறந்திருக்கிறது அல்லவா? ‘ஓ.டி. கணக்கை மூடுங்கள்’ என்று தனியாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். மாசக் கடைசியில் ஏறும் சில நாள் வட்டி பாக்கி இருந்தாலும் கணக்கு மூடாது. அதனால் மூடும் தேதிக்கான முழு நிலுவையைக் கேட்டுக் கட்டுங்கள். ரெண்டு நாள் கழித்து எஃப்.டி. விவரத்தில் லியன் பூஜ்யமாகிவிட்டதா என்று பார்த்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காகித ரசீது கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள்.

அதே வங்கியில் உங்களுக்கு வேறு பாக்கி இருந்தால், கதை மாறலாம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு, தன் கைவசம் பிணையாக இருப்பதை வாடிக்கையாளரின் மொத்தப் பாக்கிக்கும் ஈடாக நிறுத்தி வைக்கும் பொது உரிமையை வங்கிகளுக்குக் கொடுக்கிறது. சிண்டிகேட் வங்கிக்கும் விஜய்குமார் என்பவருக்கும் நடந்த வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம், வங்கியிடம் ஒப்படைத்த எஃப்.டி. ரசீதுகளுக்கும் இந்த உரிமை உண்டு என்று சொன்னது. நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? எஃப்.டி. கடன் பத்திரத்தில், ‘மற்ற எல்லா நிலுவைகளுக்கும்’ என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, முதிர்வு தேதி. கடன் பாக்கி இருக்கும்போது எஃப்.டி. முடிந்தால், வங்கி முதலில் தன் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் உங்கள் கணக்குக்கு அனுப்பும். மாசாமாசம் வட்டியைக் கையில் வாங்கும் எஃப்.டி. என்றால் இன்னும் கவனம் தேவை. அதில் டெபாசிட் வளராது, ஆனால் கடன் மட்டும் வளரும். 90% கடன் வாங்கி, 8% வட்டியை ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் விட்டால், சுமார் 16 மாசத்தில் கடன் டெபாசிட்டையே தொட்டுவிடும். அதற்கு முன்பே வங்கி எஃப்.டி-யை உடைத்துக் கணக்கை முடித்துவிடும். அப்படி நடந்தால் கடன் வட்டியும் போச்சு, அபராதமும் போச்சு. அதைத் தவிர்க்க, ஓ.டி-யில் மாசாமாசம் ஏறும் அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். நம்ம கரிவலம்வந்தநல்லூர்க்காரருக்கு அது மாசம் 800 ரூபாய்தான்.